அழுத்தம் கூடினால் அம்மோனியா கூடுகிறது. ஆனால் K மட்டும் ஏன் அசைவதில்லை?

45 கிலோ யூரியா மூட்டையில் எடைக் கணக்கில் 46 சதவீதம் நைட்ரஜன். அது முழுக்கக் காற்றிலிருந்து எடுத்தது. எடுத்துக் கொடுப்பது, ப்ளஸ் டூ வேதியியலில் நீங்கள் மனப்பாடம் செய்த ஹேபர் முறைதான்:

N₂ + 3H₂ ⇌ 2NH₃

இந்த வினை ஒரு பக்கம் மட்டும் ஓடுவதில்லை. உருவான அம்மோனியா திரும்பவும் உடைகிறது. உருவாகும் வேகமும் உடையும் வேகமும் சமமாகும் இடம்தான் சமநிலை. அந்த இடத்தில் அம்மோனியாவின் பகுதி அழுத்தத்தை இருமடியாக்கி, அதை நைட்ரஜனின் அழுத்தத்தாலும் ஹைட்ரஜன் அழுத்தத்தின் மும்மடியாலும் வகுத்தால் கிடைக்கும் எண் K, அதாவது சமநிலை மாறிலி. இதே கணக்கை சமநிலைக்கு வராத கலவையில் போட்டால் கிடைப்பது Q. Q-ஐ K-க்குச் சமமாக்கும் திசையில்தான் வினை நகரும். மிச்சமெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அழுத்தினால் என்ன ஆகிறது?

கலவை சமநிலையில் இருக்கிறது, Q = K. இப்போது கொள்ளளவைப் பாதியாக்குகிறீர்கள். மூன்று வாயுக்களின் அழுத்தமும் இரட்டிப்பாகிறது. கணக்கில் மேலே 2² = 4 மடங்கு; கீழே 2 × 2³ = 16 மடங்கு. ஆக, Q திடீரென K-இல் கால் பங்குக்கு இறங்கிவிட்டது. அதை மறுபடி மேலே ஏற்ற அம்மோனியா கூடியாக வேண்டும். K அதே இடத்தில்தான் நிற்கிறது. விலகிப்போனது Q மட்டும்.

செறிவும் இப்படித்தான். அழுத்தவே வேண்டாம், கலவையில் இருக்கும் அம்மோனியாவில் பாதியை வெளியே எடுங்கள். (½)² என்பதால் இங்கும் Q கால் பங்காகிறது, வினை முன்னோக்கி நகர்கிறது. ஆலைகள் செய்வதும் இதுதான். வாயுவைக் குளிர்வித்து அம்மோனியாவைத் திரவமாகப் பிரித்துவிட்டு, மிச்சத்தை மீண்டும் உலைக்கே அனுப்புகின்றன.

இந்தச் சுழற்சியில் ஒரு சிக்கல் உண்டு. வினையில் சேராத ஆர்கானும் மீத்தேனும் சுற்றச் சுற்றச் சேர்ந்துகொண்டே போகும். மொத்த அழுத்தத்தைக் காட்டும் மானியில் எண் மாறாது. ஆனால் நைட்ரஜன், ஹைட்ரஜனின் பங்கு சுருங்கி, விளைச்சல் குறையும். அதனால் வாயுவில் கொஞ்சத்தைத் தொடர்ந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

வெப்பநிலை ஏன் வேறு?

எண்களைப் பாருங்கள். ஒன்றுக்கு மூன்று கலவையில், 100 வளிமண்டல அழுத்தத்தில், 400°C-இல் சமநிலையில் அம்மோனியா சுமார் 25 சதவீதம். அதே அழுத்தத்தில் 500°C என்றால் சுமார் 10.6 சதவீதம். இரண்டுக்கும் K கணக்கிட்டால் முதலில் சுமார் 1.9 × 10⁻⁴, அடுத்து சுமார் 1.7 × 10⁻⁵. பதினொன்றில் ஒரு பங்கு!

காரணம் வேகத்தில் இருக்கிறது. K என்பது முன்வினையின் வேக மாறிலியைப் பின்வினையின் வேக மாறிலியால் வகுத்தது. அழுத்தமும் செறிவும் மூலக்கூறுகள் எத்தனை முறை மோதும் என்பதை மாற்றும்; ஒரு மோதல் வெற்றி பெறும் வாய்ப்பைத் தொடுவதில்லை. அந்த வாய்ப்பை மாற்றுவது வெப்பநிலை, அதுவும் இரு பக்கமும் ஒரே அளவில் அல்ல. அம்மோனியா உருவாகும்போது சுமார் 92 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. எனவே அது உடைய ஏற வேண்டிய ஆற்றல் மேடு, உருவாக ஏறிய மேட்டைவிட அதே அளவு உயரம். மேடு உயர்ந்தால், வெப்பம் தரும் உதவியும் அதிகம். சூடாக்கினால் இரண்டு வேகமும் கூடும், ஆனால் உடையும் வேகம் கூடுதலாகக் கூடும். விகிதம் விழுகிறது, K விழுகிறது. இரும்பு வினையூக்கி இரு பக்க மேட்டையும் ஒரே அளவு தாழ்த்துவதால் K-ஐத் தொடாது.

அப்படியென்றால் உலையைக் குளிர வைத்தாலே போதுமே? சமநிலை சாதகமாகும்தான், ஆனால் அங்கே போய்ச் சேரும் வேகம் இருக்காது. அதனால்தான் 400 முதல் 500°C வரை என்ற சமரசம்.

கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 400°C-இல் 300 வளிமண்டலத்துக்கு உயர்த்தினால் அம்மோனியா சுமார் 47 சதவீதமாகிறது. அதை வைத்து K போட்டால் 2.9 × 10⁻⁴ வரும். ‘அழுத்தத்தால் K மாறிவிட்டதே!’ என்று தோன்றும். இல்லை. அவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கவும் தள்ளவும் செய்வதால், வாயுக்கள் பாடப்புத்தக வாயுக்களாக நடந்துகொள்வதில்லை. பகுதி அழுத்தத்துக்குப் பதிலாக அதைத் திருத்திய ‘ஃபியூகாசிட்டி’ என்ற அளவைப் போட்டால், 100-லும் 300-லும் K ஒன்றாகவே வரும்.