"கிரெடிட் தர்றோம்" என்றால் போதுமா?

"எங்க குறும்படத்துக்கு மியூசிக் பண்ணித் தர்றீங்களா? பட்ஜெட் இல்லை, கிரெடிட் தர்றோம்." இசை மாணவருக்கு இப்படி ஒரு மெயில் வந்தால், அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

மெயிலில் முதலில் வர வேண்டியது படத்தின் நீளமல்ல, இசையின் நீளம். பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் மகளும் காத்திருக்கும் 12 நிமிடப் படம் ஒன்றை வைத்துக்கொள்வோம். பேச்சு ஓடும் இடங்களில் இசை தேவையில்லை. டைட்டிலுக்கு 40 நொடி, மகள் பஸ் ஏறும் காட்சிக்கு 90 நொடி, கடைசிப் பெயர்ப் பட்டியலுக்கு 80 நொடி. ஆக, மொத்த வேலை மூன்றரை நிமிடம்தான். இயக்குநர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் வயலின் கச்சேரியைக் கேட்டேன். என் குறும்படத்துக்கு 3 இடங்களில் இசை வேண்டும். எடிட்டிங் முடிந்து லாக் செய்துவிட்டோம். டைம்கோடு ஓடும் வீடியோவை இணைத்திருக்கிறேன். 3 வாரம் அவகாசம்; 2 முறைக்கு மேல் திருத்தம் கேட்க மாட்டேன். சம்பளம் தர இயலவில்லை. ரெக்கார்டிங் செலவு என்னுடையது. வாத்தியங்களைத் தனித்தனி ட்ராக்காகவும் அனுப்புங்கள்."

இதில் 'லாக்' என்ற சொல் முக்கியம். இசை முடிந்த பிறகு காட்சியில் 4 நொடியை வெட்டினால், பஸ் கதவு மூடும்போது விழ வேண்டிய தாளம் அப்பாவின் முகத்தில் விழும். தனித்தனி ட்ராக்குக்கும் காரணம் உண்டு. வயலின் வசனத்தை அமுக்கினால், மிக்ஸிங்கில் வயலினை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

கிரெடிட்டையும் இதே துல்லியத்தோடு எழுத வேண்டும். டைட்டிலில் "இசை" என்று தனி கார்டா, கடைசியில் ஓடும் பட்டியலில் ஒரு வரியா? போஸ்டரிலும் யூடியூப் பக்கத்திலும் பெயர் வருமா? தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எப்படி எழுதுவது? எல்லாவற்றையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது உரிமை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் மாற்றித் தர முடியும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு விழாவுக்குப் படம் அனுப்ப நினைக்கும் இயக்குநருக்கு அங்கே சிக்கல் வரும். "இந்தப் படத்தோடு சேர்த்து, உலகெங்கும், காலவரையின்றிப் பயன்படுத்தலாம், இசையைத் தனியாக வெளியிடும் உரிமை இசையமைப்பாளருக்கே" என்பது இரு தரப்புக்கும் நியாயமான வாசகம்.

ஆகவே மாணவர்களே, மெயிலுக்குச் சரி என்று பதில் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு முதல் ஸ்வரத்தைப் பதிவு செய்யுங்கள்.