எடை போட்டால்தான் தெரியும்

கரியமில வாயு நிரப்பிய தீயணைப்பு உருளையில் பொதுவாக அழுத்தமானி இருக்காது. எவ்வளவு மிச்சம் என்று அறிய எடைதான் போட வேண்டும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். வெப்பநிலை மாறாத வரை, திரவம் தீரும்வரை அழுத்தம் குறையாது.

பள்ளியில் படித்த PV = nRT சமன்பாட்டின்படி எந்த வாயுவும் திரவமாகவே முடியாது. மூலக்கூறுகளுக்குப் பருமன் இல்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை என்று அது வைத்துக்கொள்கிறது. 1873இல் டச்சு இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் இரண்டையும் கணக்கில் சேர்த்தார்.

44 கிராம் கரியமில வாயுவை 27 டிகிரி செல்சியஸில் 1 லிட்டர் கலனில் அடைப்போம். பள்ளிச் சமன்பாடு தரும் விடை 24.6 வளிமண்டல அழுத்தம். மூலக்கூறுகளே கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால், ஓடித்திரியும் இடம் குறைந்து அழுத்தம் 25.7 ஆக ஏறுகிறது. ஆனால் சுவரை மோதப்போகும் மூலக்கூறைப் பின்னாலிருப்பவை இழுக்கின்றன. மோதல் மென்மையாகி 3.6 குறைகிறது. மிஞ்சுவது சுமார் 22.1. இங்கே ஈர்ப்பு வென்றது.

இன்னும் குளிர்வித்தால் மூலக்கூறுகளின் வேகம் தணியும். ஈர்ப்பின் பிடி இறுகி, வாயு திரவமாகும். மிகமிக நெருக்கி அழுத்தினாலோ பருமன் வெல்லும். அழுத்தம் பள்ளிக் கணக்கைத் தாண்டிவிடும்.

31 டிகிரிக்கு மேல் கரியமில வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் தனித் திரவமாகப் பிரியாது. வேகம் ஈர்ப்பை மீறிவிடும். வெயிலில் கிடக்கும் உருளைக்குள் அழுத்தம் கிடுகிடுவென ஏறுவதால்தான் அதில் பாதுகாப்பு அமைப்பு வைக்கிறார்கள்.