மனைவியால் எடுக்க முடியாத அவசரப் பணம்

அவசர நிதி எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஆறு மாதச் செலவு என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எங்கே வைப்பது என்றால் பிக்சட் டெபாசிட் என்கிறார்கள். யார் பெயரில் வைப்பது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. சம்பாதிப்பவர் பெயரில்தானே என்று வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தச் சம்பாதிப்பவரே ஒரு நாள் ஸ்ட்ரெச்சரில் படுத்துவிட்டால் மூன்று லட்சம் சேர்த்து வைத்திருந்தும் குடும்பம் பக்கத்து வீட்டில் போய்க் கடன் கேட்கிறது.

கணவர் ஐசியுவில் இருக்கிறார். அவருடைய போன் மனைவியின் கையில் இருந்தாலும் திறக்கத் தெரியாது. ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்குத்தான் வரும். ஏடிஎம் கார்டின் பின் தெரிந்திருந்தால் நாளொன்றுக்கு 25,000 அல்லது 40,000 ரூபாய் வரை எடுக்கலாம். வங்கி விதிப்படி அதையும் வேறொருவர் செய்யக் கூடாது. டெபாசிட்டை உடைக்கலாம் என்று காலையில் கிளைக்குப் போனால் அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்கிறார்கள்.

"நான்தானே சார் நாமினி?" என்று கேட்கும் மனைவியிடம் மேலாளர் சொல்லும் பதில் மனசை உடைத்துவிடும். நாமினிக்கு உரிமை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகு. அவர் உயிரோடு இருக்கும் வரை, நினைவே இல்லாமல் கிடந்தாலும், நாமினி அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அந்த நான்கு பேருக்கும் இதே நிலைதான்.

நோயாளிக்கு நினைவு இருந்து கையெழுத்து மட்டும் போட முடியவில்லை என்றால் வழி உண்டு. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைக்கலாம். சாட்சிகளில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கை முடியாவிட்டால் கால் விரல் ரேகையும் செல்லும். ரிசர்வ் வங்கியின் இந்த வழிகாட்டுதலைச் சொல்லிக் கேட்டால் கிளையிலிருந்து ஆள் அனுப்புகிறார்கள். நினைவே இல்லை என்றால் நீதிமன்றம்தான். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள அனுமதி கேட்ட ஒரு பெண்ணை, முதலில் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். மேல்முறையீடு செய்த பிறகுதான், 2024ல், சென்னை உயர் நீதிமன்றம் அவரைக் காப்பாளராக நியமித்தது. மருத்துவமனை அட்வான்ஸ் அதுவரை காத்திருக்குமா?

ஆகவே தொகையைக் கணக்கிடும்போதே அதில் எவ்வளவு முதல் இரவுக்கு, எவ்வளவு வேலை போன மாதங்களுக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கணவருக்குத் தனியார் நிறுவன வேலை, கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து 8,000 சம்பாதிக்கிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள மாமியார்.

வேலை போனால் ஹோட்டல், சினிமா, புதுத் துணி எல்லாம் தானாக நின்றுவிடும். நிறுத்த முடியாதவற்றை மட்டும் கூட்டுவோம். வாடகை 14,000. மளிகை, பால், கேஸ் சேர்த்து 13,000. பள்ளிக் கட்டணத்தையும் வேன் கட்டணத்தையும் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,500. பைக் தவணை 4,000. மாமியார் மருந்து 3,000. கரண்ட், போன் 2,500. போக்குவரத்து 2,000. இன்சூரன்ஸ் பிரீமியம் மாதக் கணக்கில் 2,000. மொத்தம் 48,000. தையல் வருமானம் 8,000 தொடரும் என்பதால் மாதம் 40,000 இருந்தால் குடும்பம் ஓடும். சம்பளத்தை ஆறால் பெருக்குவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். 62,000ஐ ஆறால் பெருக்கினால் 3,72,000. அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டதும் பலர் தொடங்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

எத்தனை மாதம் என்பதற்கும் எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. அதே துறையில், அதே வயதில், கடைசியாக வேலை இழந்த இரண்டு மூன்று பேரிடம் அடுத்த வேலை கிடைக்க எவ்வளவு நாளானது என்று கேட்பதே சரியான அளவு. நாற்பதைத் தாண்டிய மேலாளருக்கும் இருபத்தைந்து வயது ஃபிட்டருக்கும் ஒரே பதில் வராது. நம் குடும்பத்துக்கு நான்கு மாதம் என்று வைத்தால் 1,60,000 ரூபாய். இதோடு மருத்துவமனைக்கான கைப்பணம் சேர வேண்டும். மெடிக்ளெய்ம் இருந்தாலும் அனுமதிக்கும்போது அட்வான்ஸ் கேட்கிறார்கள். அறை வாடகை பாலிசி வரம்பைத் தாண்டினால் மற்றக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் வெட்டு விழுவதுண்டு. கையுறை, பஞ்சு போன்றவற்றைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனை என்றால் பெரும்பாலும் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். மாமியார் வேறு பாலிசியில் இல்லை. எனவே 80,000 சேர்ப்போம். மொத்தம் 2,40,000.

முதலில் சேர்க்க வேண்டியது இந்த 80,000. அதை மனைவியின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். 15,000 வீட்டில் ரொக்கமாக, 65,000 மனைவியின் சொந்தச் சேமிப்புக் கணக்கில். "அவளுக்கும் கணக்கு இருக்கே" என்று பல கணவர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது, ஆனால் எப்போதோ திறந்த கணக்கு. வாடிக்கையாளர் தாமாக எந்த வரவு செலவும் செய்யாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போனால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக ஒதுக்கிவிடும். மறுபடி கேஒய்சி கொடுத்துத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். ஏடிஎம் கார்டும் காலாவதியாகியிருக்கும். பதிவு செய்த மொபைல் எண் கணவருடையதாகவே இருக்கும். வீட்டுக் கரண்ட் பில்லையோ பால் பணத்தையோ அந்தக் கணக்கிலிருந்து கட்ட ஆரம்பித்தாலே இந்தச் சிக்கல்களில் பாதி தீரும்.

மீதி 1,60,000 இருவர் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்குக்கு. அந்தக் கணக்கை எப்படி இயக்குவது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அங்கே "ஈதர் ஆர் சர்வைவர்" என்று இருந்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம். "ஜாயின்ட்லி" என்றிருந்தால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றிருந்தால் முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும் வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றுவதற்கு இருவரும் ஒருமுறை கிளைக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பிக்சட் டெபாசிட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. டெபாசிட்டையும் ஈதர் ஆர் சர்வைவர் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்த வசதி முதிர்வு நாளில் பணம் வாங்கத்தான். நடுவில் உடைக்க வேண்டுமென்றால் பெரும்பாலான வங்கிகள் இருவரின் கையெழுத்தையும் கேட்கும். அவசரத்துக்கு என்று போட்ட டெபாசிட், அவசரம் வந்த அன்று மட்டும் கிடைக்காது. இதற்குச் சரியான மாற்று, இருவர் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கோடு இணைந்த ஸ்வீப் டெபாசிட். ஒரு வரம்புக்கு மேல் உள்ள பணம் தானாக டெபாசிட்டுக்குப் போகும். செக்கோ கார்டோ பயன்படுத்தினால் தேவையான அளவு தானாக உடைந்து வரும், தனியாக யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஸ்வீப் வசதி இல்லாத வங்கி என்றால் 80,000 கணவர் பெயரில், 80,000 மனைவி பெயரில் என்று தனித்தனி டெபாசிட்டாகப் போடுவது மேல். நடுவில் உடைத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறையும். ஐந்தாண்டு வரிச் சேமிப்பு டெபாசிட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது, அதை நடுவில் உடைக்க முடியாது.

பணத்தைச் சும்மா வங்கியில் போட்டால் விலைவாசி தின்றுவிடும், லிக்விட் ஃபண்டில் போடுங்கள் என்கிறார்கள் ஆலோசகர்கள். சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீதம்தான் கிடைக்கிறது என்பது உண்மை. ஒன்றரை லட்சத்துக்கு மூன்று சதவீத வித்தியாசம் ஆண்டுக்கு 4,500 ரூபாய். அந்த ஃபண்டும் பெரும்பாலும் கணவர் பெயரில், கணவர் போனில்தான் இருக்கும். உடனடியாக எடுக்கும் வசதியும் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் வரைதான். நகை இருக்கிறதே என்பவர்களும் உண்டு. பகலில், கடை திறந்திருக்கும்போது அது உதவும்.

பாதுகாப்பு என்றால் எனக்குத் தெரிந்து இரண்டே இடம். ஒன்று அஞ்சலகச் சேமிப்பு, அதற்கு அரசே பொறுப்பு. மற்றது டெபாசிட் காப்பீடு உள்ள வங்கி. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, எத்தனை கிளையில் போட்டாலும் சேர்த்துத்தான். 2020 பிப்ரவரிக்கு முன் இது ஒரு லட்சமாக இருந்தது. வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டால் 90 நாளுக்குள் இந்தத் தொகையைத் தர வேண்டும் என்று 2021ல் சட்டம் வந்தது. 90 நாள் என்பதால்தான் மனைவியின் கணக்கு வேறொரு வங்கியில் இருப்பது நல்லது. நிதி நிறுவனம், நகைக்கடைச் சீட்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கம் எதற்கும் இந்தக் காப்பீடு இல்லை. ஒரு சதவீதம் கூடுதல் வட்டி தருகிறார்கள் என்பதற்காக அவசரப் பணத்தை அங்கே கொண்டுபோய் வைப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இதையெல்லாம் செய்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கணவர் போனை அணைத்து வைத்துவிட்டு மனைவியைத் தனியாக அனுப்புங்கள். ஏடிஎம்மில் 10,000 எடுக்கட்டும். தன் போனிலிருந்து யுபிஐயில் மருந்துக் கடைக்குக் கட்டட்டும். இணைக் கணக்கில் அவருக்கென்று தனிக் கார்டு இல்லை என்பதோ, அவர் எண் பதிவாகவில்லை என்பதோ அன்றைக்குத் தெரிந்துவிடும். புதிதாக யுபிஐ தொடங்கினால் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது என்பதும் அப்போதே தெரியும். மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு யுபிஐ தொடங்கக் கூடாது.

தனியாக இருக்கும் பெற்றோருக்கு இதே ஏற்பாடு இன்னும் அவசியம், கவனமும் கூடுதலாக வேண்டும். மகளையோ மகனையோ ஈதர் ஆர் சர்வைவர் என்று சேர்த்தால் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மொத்தத்தையும் எடுக்கலாம், வங்கி தடுக்காது. ஓய்வூதியமும் வாழ்நாள் சேமிப்பும் இருக்கும் கணக்கில் யாரையும் சேர்க்காமல், மருத்துவச் செலவுக்கென்று ஒரு லட்சம் வரை மட்டும் போட்ட தனிக் கணக்கில் பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் போதும்.