பொட்டாசியம் கொடுத்த துப்பு

மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் எப்போதும் இரண்டு நோயாளிகளிலிருந்து தொடங்குவேன். பலருடைய கதைகளைச் சேர்த்து நானே கட்டிய ஜோடி அது. முதலாமவர் 40 வயதுப் பெண். ஆறு மாதமாக உடல் இளைத்துக்கொண்டே வருகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. ஊறுகாயைக் கண்டால் விடுவதில்லை, சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். முகம், ஈறு, உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்திருக்கின்றன. இரண்டாமவர் 55 வயது ஆண். மூட்டுவலிக்காக எட்டு மாதம் தினமும் ப்ரெட்னிசோலோன் மாத்திரை சாப்பிட்டவர். "வலிதான் போயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று ஒரு நாள் தானாகவே நிறுத்திவிட்டார். பத்து நாளில் வாந்தி, எழுந்திருக்க முடியாத சோர்வு, ரத்த அழுத்தம் 90/60. தோலின் நிறம் மட்டும் மாறவில்லை.

இருவருக்கும் காலை எட்டு மணி ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு 2 மைக்ரோகிராம்தான். அந்த நேரத்தில் 3-க்குக் கீழே போனாலே அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். சோடியமும் இருவருக்கும் குறைவு. ஆனால் பொட்டாசியம் அந்தப் பெண்ணுக்கு 6.1, இவருக்கு 4.1. இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. குறை ஒரே சுரப்பியில்தான் என்றால், பொட்டாசியம் ஏன் ஒருவருக்கு மட்டும் ஏறியது? இதற்கு விடை ஸ்கேனில் தெரியாது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்கும் ஒரு ஸ்லைடில் தெரியும்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி ஒவ்வொன்றும் 4, 5 கிராம் எடைதான். கத்தியால் குறுக்கே வெட்டினால் வெறுங்கண்ணுக்கே இரண்டு நிறம் தெரியும். வெளியே மஞ்சளாக இருப்பது புறணி. நடுவே செம்பழுப்பாகத் தெரிவது அகணி. கருவில் இரண்டும் பிறக்கும் இடமே வேறு. புறணி, சிறுநீரகத்தைப்போலவே இடைப்படலத்திலிருந்து வருகிறது. அகணியின் செல்களோ நரம்புகள் உருவாகும் அதே திசுவிலிருந்து கிளம்பி, நகர்ந்து வந்து புறணிக்குள் குடியேறுகின்றன.

அந்த மஞ்சள், கொழுப்பின் நிறம். அதை ஸ்லைடில் தேடினால் கிடைக்காது. திசுவை மெழுகில் பதித்து மெல்லிய சீவலாகச் சீவுவதற்கு முன்னால் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைப்பார்கள். அதில் கொழுப்பு கரைந்து போய்விடும். அது இருந்த இடங்கள் வெற்றுக் குமிழிகளாக நிற்கும். முதலாண்டு மாணவன் அந்த நுரையைப் பார்த்துவிட்டு, "சார், செல் கெட்டுப்போயிருக்கு" என்பான். கெட்டுப்போகவில்லை. சரக்கு காலியான கிடங்கைத்தான் அவன் பார்க்கிறான்.

இனி ஸ்லைடை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்த்துவோம். முதலில் வருவது நார்த்திசு உறை. அதை ஒட்டினாற்போல் சிறு செல்கள் உருண்டையாகவும் வளைவாகவும் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். இது சோனா குளோமருலோசா. புறணியில் ஏறத்தாழ 15 சதவீதம். அதைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். செல்கள் ஒன்றிரண்டு வரிசையாக, நாற்றங்கால் பிடித்ததுபோல் நேர்கோட்டில் உள்நோக்கி இறங்கும். வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால்போல் ரத்தத் தந்துகிகள். நுரைத்த செல்கள் இங்கேதான். இது சோனா ஃபாசிகுலேட்டா, புறணியில் முக்கால் பங்கு. அதற்கும் உள்ளே வரிசை குலைந்து, செல்கள் வலைபோல் பின்னிக்கொள்ளும். கொழுப்புக் குமிழிகள் குறைந்து, வயதான செல்களில் சேரும் பழுப்பு நிறமி தென்படத் தொடங்கும். இது சோனா ரெட்டிகுலாரிஸ். மூன்றுக்கும் 1866-இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான யூலியஸ் அர்னால்ட். லத்தீனில் பொருள் சாதாரணம்தான்: உருண்டை, கட்டு, வலை. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. கண்ணில் பட்டதை வைத்து அவர் பிரித்த மூன்று பகுதிகள், பின்னால் மூன்று ஹார்மோன் தொழிற்கூடங்களாகவே அமைந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மூன்று அடுக்குக்கும் மூலப்பொருள் ஒன்றே, கொலஸ்டிரால். பிறகு ஏன் சரக்கு வேறுபடுகிறது? எந்த அடுக்கில் எந்த நொதி இருக்கிறது என்பதுதான் காரணம். குளோமருலோசாவில் 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி கிடையாது. அது இல்லாமல் கார்ட்டிசால் செய்ய முடியாது. பதிலுக்கு ஆல்டோஸ்டிரோனை முடித்துக் கொடுக்கும் நொதி அங்கே மட்டும்தான் இருக்கிறது. ஃபாசிகுலேட்டாவில் நிலைமை தலைகீழ். அங்கே கார்ட்டிசால் ஆகும், ஆல்டோஸ்டிரோன் ஆகாது. ரெட்டிகுலாரிஸ் அதே மூலப்பொருளை டி.எச்.இ.ஏ. என்ற மென்மையான ஆண்தன்மை ஹார்மோனின் பக்கம் திருப்பிவிடுகிறது. இந்த உள்ளடுக்கு குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வயதாகும்போதுதான் சுறுசுறுப்பாகிறது. பூப்புக்கு முன்பே சில பிள்ளைகளுக்கு வியர்வையில் பெரியவர்களின் வாடை வரத் தொடங்குவது இதனால்தான்.

நொதி மட்டுமல்ல, எசமானர்களும் வேறு. நம் இரு நோயாளிகளின் கதை பிரிவதும் இந்த இடத்தில்தான். ஃபாசிகுலேட்டாவும் ரெட்டிகுலாரிஸும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் சொல்லைக் கேட்டு நடப்பவை. அந்தக் கட்டளை வராவிட்டால் வேலை நிற்பதோடு போகாது, அடுக்கே மெலிந்து சுருங்கிவிடும். குளோமருலோசா அப்படியல்ல. சிறுநீரகம் தொடங்கிவைக்கும் ரெனின்–ஆன்ஜியோடென்சின் சங்கிலியும், ரத்தத்தில் ஏறும் பொட்டாசியமும்தான் அதற்கு முக்கியக் கட்டளை. பொட்டாசியம் கொஞ்சம் கூடினாலே ஆல்டோஸ்டிரோன் சுரக்கும். அது சிறுநீரகத்துக்குப் போய், சோடியத்தைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்லும்.

இப்போது இரண்டாமவரிடம் வருவோம். எட்டு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் பிட்யூட்டரி, "போதுமான சரக்கு இருக்கிறது" என்று ஏ.சி.டி.எச்.-ஐ நிறுத்திக்கொண்டது. கட்டளை இல்லாமல் உள்ளிரு அடுக்குகளும் மெலிந்துபோயின. மாத்திரை நின்ற நாளில் அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை. ஆனால் உறைக்கு அடியில் குளோமருலோசா பத்திரமாக இருக்கிறது, ஆல்டோஸ்டிரோன் வருகிறது. அதனால்தான் பொட்டாசியம் 4.1. அப்படியென்றால் சோடியம் ஏன் குறைந்தது என்று கேட்கலாம். கார்ட்டிசால் குறைந்தால் உடல் தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். உப்பு போனதால் அல்ல, தண்ணீர் கூடியதால் சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அழிந்தது சுரப்பியே. உடலின் சொந்தத் தற்காப்புப் படையோ, காசநோயோ மூன்று அடுக்குகளையும் தின்றுவிட்டது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த நோய் இது, அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆல்டோஸ்டிரோன் இல்லாததால் சோடியம் சிறுநீரில் போகிறது, பொட்டாசியம் ரத்தத்தில் தேங்குகிறது. உப்பு ஆசை, உடல் தன் இழப்பை ஈடுகட்டச் செய்யும் முயற்சி. கார்ட்டிசால் வராததைக் கண்ட பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.-ஐ வெள்ளமாக அனுப்புகிறது. அந்த வெள்ளம் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுவதால்தான் கறுப்பு. ரெட்டிகுலாரிஸும் போனதால், பெண்களுக்கு அக்குள் முடி உதிர்வதும் உண்டு. ஆண்களுக்கு விரைகள் அந்த ஹார்மோனைத் தருவதால் இது தெரியாது.

அகணியைப் பற்றி இதுவரை பேசவில்லை. அதன் செல்களை குரோமியம் உப்பில் நனைத்தால் பழுப்பாகும். குரோமாஃபின் செல் என்ற பெயர் அதனால் வந்தது. புறணிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு சேமிப்பில் இருக்கிறது. புறணி செல் மாவு அரைத்து வைத்துக்கொண்டு, கேட்ட பிறகு தோசை வார்க்கும் கடை. ஸ்டீராய்டு ஹார்மோனைச் செய்து அடுக்கிவைக்க அதற்கு வழியில்லை, கொழுப்பைத்தான் சேர்த்துவைக்கும். அகணி செல்லோ பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருக்கும் கடை. அட்ரினலினும் நார்அட்ரினலினும் சின்னஞ்சிறு துகள்களில் அடைபட்டிருக்கும், நரம்பு தட்டிய உடனே கொட்டும். நாய் துரத்தும்போது அட்ரினலின் சில நொடிகளிலேயே ஏறுவதும், கார்ட்டிசால் ஏறச் சில நிமிடங்கள் பிடிப்பதும் இதனால்தான்.

அகணிக்குப் புறணியின் தயவும் வேண்டும். ரத்தம் உறைக்கு அடியில் பரவி, அந்த நேர்வரிசைகளுக்கு நடுவே இறங்கி அகணியை அடைகிறது. வழியில் கார்ட்டிசாலைச் சுமந்துகொள்கிறது. நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதி உருவாக இந்த அடர்ந்த கார்ட்டிசால் தேவை. மனிதனின் அகணி விடுவதில் ஏறத்தாழ 80 சதவீதம் அட்ரினலினாக இருப்பது இந்தப் பக்கத்து வீட்டு உறவால்தான். அந்தப் பெண்ணின் அகணி உயிரோடு இருந்தாலும், அட்ரினலின் உற்பத்தி தளர்ந்துபோகும். மாத்திரை கொடுத்துக் கார்ட்டிசாலை நிரப்பினாலும், உடல் முழுதும் பரவி நீர்த்துவரும் அந்த அளவு சுரப்பிக்குள் இருந்த அடர்த்திக்கு ஈடாகாது.

மருந்துச் சீட்டும் இந்த அடுக்குகளின்படிதான் எழுதப்படுகிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு மருந்து: ஃபாசிகுலேட்டாவுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், குளோமருலோசாவுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். இரண்டும் வாழ்நாள் முழுக்க. அந்த ஆணுக்கு முதல் மருந்து மட்டும் போதும். அதையும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மெலிந்த அடுக்குகள் மீண்டும் தேற மாதக்கணக்கில் ஆகலாம். நடுவில் கடும் காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் மருந்தைக் கூட்ட வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தால், வலி போனாலும் தாமாக நிறுத்த விடாதீர்கள். டாக்டரைப் பார்த்து, அவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.