ஏழு வாள்களும் ஒரு சந்தேகமும்

சீட்டில் ஒருவன் நுனிக்காலில் நடக்கிறான். இரண்டு கைகளிலும் ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டிருக்கிறான். பின்னால் கூடாரங்கள். மண்ணில் குத்தியபடி இன்னும் இரண்டு வாள்கள் நிற்கின்றன. கால் முன்னே போகிறது, முகம் மட்டும் கூடாரங்களைத் திரும்பிப் பார்க்கிறது. டாரட் சீட்டுக்கட்டில் இதற்கு 'ஏழு வாள்கள்' என்று பெயர். காதலனைப் பற்றியோ கணவனைப் பற்றியோ கேட்டபோது இது வந்து விழுந்தால் அன்றைய தூக்கம் போச்சு. திருட்டு, ஏமாற்று, மறைப்பு என்றுதான் பல கையேடுகள் இதற்குப் பொருள் சொல்கின்றன.

இந்தப் படத்தை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் யோசனைப்படி அவர் வரைந்த 78 சீட்டுகளும் 1909-ல் லண்டனில் வெளியாயின. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் ஒரு சீட்டாட்டம்தான். குறி கேட்கும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பரவியது. அதுவரை பெரும்பாலான கட்டுகளில் எண் சீட்டுகளில் வெறும் வாள்களும் கோப்பைகளும் அடுக்கியிருக்கும். ஸ்மித் அந்தச் சீட்டுகளிலும் மனிதர்களை நடமாட விட்டார். மனிதர்கள் வந்ததும் கதையும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கதை யாருடையது?

உறவைப் பற்றிக் கேட்கச் சீட்டுகளை இன்ன இடத்துக்கு இன்ன பொருள் என்று பரப்பி வைப்பதை 'ரிலேஷன்ஷிப் ஸ்ப்ரெட்' என்பார்கள். வழக்கமான ஸ்ப்ரெட்டில் 'அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்?', 'அவருடைய நோக்கம் என்ன?' என்று இரண்டு இடங்களாவது இருக்கும். சிக்கல் இங்கேதான். கலைத்துப் போட்ட கட்டிலிருந்து தற்செயலாக வந்த சீட்டு அது. அங்கே இல்லாத ஒருவரின் மனம் அதற்குத் தெரிய வழியில்லை. சீட்டைப் பார்த்துக் கதை சொல்பவர், கேள்வி கேட்டவர் மட்டுமே.

ஆனாலும் பலன் அச்சாகப் பொருந்துவதுபோல் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுக்கொரு குணக் குறிப்பைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் எல்லோர் கையிலும் ஒரே குறிப்பு இருந்தது தெரிந்தது. பொதுவான ஒரு வரியைத் தனக்கென்றே எழுதியதாக மனம் எடுத்துக்கொள்கிறது. 'ஏதோ மறைக்கிறார்' என்பதும் அப்படிப்பட்ட வரிதான். எந்த மனிதரும் எதையாவது மறைத்துக்கொண்டுதான் இருப்பார்.

வெய்ட் தன் புத்தகத்தில் விவரித்த, இன்றும் புழக்கத்தில் உள்ள பத்துச் சீட்டு முறையில் ஒன்பதாம் இடம் கேள்வி கேட்பவரின் நம்பிக்கைகளுக்கும் பயங்களுக்கும் உரியது. துணைவரின் மனதுக்கென்று அதில் தனி இடமே இல்லை. தனக்குத்தானே சீட்டு வாசிப்பதைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் மேரி கே. கிரீர் 1984-ல் முழுப் புத்தகமே எழுதினார். பொருள் தேடும் முன் படத்தில் உள்ளதைச் சொல்வது, பிறகு அதையே 'நான்' என்று திருப்பிச் சொல்வது என்பது அவர் கற்றுத்தந்த பயிற்சிகளில் ஒன்று.

இதை வைத்து நான்கே இடங்களில் ஒரு ஸ்ப்ரெட் அமைக்கலாம். ஒன்று, இந்த உறவில் நான் எதற்குப் பயப்படுகிறேன். இரண்டு, பயம் வந்தால் நான் என்ன செய்கிறேன். மூன்று, எனக்கு உண்மையில் என்ன வேண்டும். நான்கு, அதைக் கேட்காமல் எது தடுக்கிறது. நான்கிலும் எழுவாய் 'நான்'தான். கையேட்டை மூடி வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஐந்து நிமிடம், தோன்றுவதைத் திருத்தாமல் தாளில் எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் காதலர் இரண்டு வாரமாகச் செய்திகளுக்குத் தாமதமாகப் பதில் போடுகிறார். அவள் முதல் இடத்தில் சீட்டைப் போடுகிறாள். அதே ஏழு வாள்கள். "கிடைத்ததை எடுத்துக்கொண்டு சொல்லாமல் நழுவுகிறான். நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதுகிறாள்.

இப்போது அந்த வரிகளைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். நுனிக்கால் படத்தில் இருக்கிறது, வாள்கள் இருக்கின்றன. தூங்கும் பெண் எங்கே? படத்தில் அப்படி யாருமே இல்லை. அவளே கொண்டுவந்து வைத்த ஆள் அது. படத்தில் இல்லாமல் எழுத்தில் மட்டும் இருப்பது எதுவோ, அங்கேதான் தோண்ட வேண்டும். தாமதமான பதில் அவளை இவ்வளவு வாட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத் தனக்குத் தெரியவருமோ, ஏமாளியாக நிற்க வேண்டிவருமோ என்பதுதான் அவள் பயம். முன்பு ஒருமுறை அவளுக்கு அப்படி நடந்திருக்கிறது, வேறொருவரால்.

இரண்டாம் இடத்தில் நான்கு காசுகள் சீட்டு. கிரீடம் வைத்தவன் ஒரு காசை மார்போடு அணைத்து, இரண்டைக் கால்களால் மிதித்து, ஒன்றைத் தலைமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறான். "அசைந்தால் விழுந்துவிடும்" என்று எழுதியவள், அதையே 'நான் அசைந்தால்' என்று மாற்றுகிறாள். இரவில் அவர் எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று பார்ப்பதும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் 'ம்' என்று மட்டும் பதில் போடுவதும் அவளுக்கு நினைவுக்கு வருகின்றன. வாளைச் சுமந்து நுனிக்காலில் நடப்பவன், பார்க்கப்போனால், அவள் மாதிரியும் இருக்கிறான்.

இது சீட்டின் வேலையா, அவளுடைய மனதின் வேலையா என்று சோதிக்க எளிய வழி உண்டு. முதல் இடத்துக்கு வேறொரு சீட்டை எடுத்து அதே கேள்விக்கு எழுத வேண்டும். வந்தது இரண்டு கோப்பைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பை ஏந்தும் இனிமையான படம் அது. அவளோ, "இவள் நான் இல்லை, வேறு யாரோ" என்று எழுதுகிறாள். சீட்டு மாறியும் கதை மாறவில்லை என்றால், கதை கட்டிலிருந்து வந்ததல்ல.

இந்த இரண்டாம் சீட்டு சோதனைக்கு மட்டும்தான். மனதுக்குப் பிடித்தது வரும்வரை எடுத்துக்கொண்டே போவது வேறு விஷயம். ஒரே கேள்விக்கு ஒரே இரவில் ஐந்தாறு முறை கட்டைக் கலைத்தால், அது பயத்தை ஆராய்வதல்ல, பயத்துக்குத் தீனி போடுவது. பழைய கேள்வி வேஷம் மாற்றி வருவதும் உண்டு. 'அவர் விலகுவார் என்று நான் ஏன் பயப்படுகிறேன்' என்று தொடங்கி, நான்காம் வரியில் 'அவர் ஏன் விலகுகிறார்' என்று எழுத்து சறுக்கும். எழுவாய் மாறிய இடத்தில் கோடு போட்டு நிறுத்த வேண்டும்.

எல்லாப் பயமும் கற்பனையும் அல்ல. எழுதியதில் கேமராவில் பதியக்கூடியவை எவை என்று பிரித்துப் பார்க்கலாம். 'என்னை எப்போதும் ஒதுக்குகிறார்' என்பது பதியாது. 'வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி வரவில்லை, மறுநாள் மாலைதான் தகவல் சொன்னார்' என்பது பதியும். அடி, மிரட்டல், கணக்கில் வராத பணம் போன்றவை பட்டியலில் இருந்தால் சீட்டுக்கு அங்கே வேலையில்லை. நம்பகமானவர்களின் உதவியும் சட்ட உதவியும் தேட வேண்டிய இடம் அது.

இந்தப் பெண்ணின் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. வியாழக்கிழமை மட்டும் இருந்தது. சீட்டுகளைக் கட்டில் சேர்த்துவிட்டு அவள் செய்தி அனுப்பினாள்: "வியாழக்கிழமை ஏன் வரலேன்னு கேட்கணும்னு இருந்தேன். கேட்க பயமா இருந்துச்சு. இன்னைக்குப் பேசலாமா?"