மாடி வேலை எப்போது முடிகிறது?

மொட்டை மாடி ஒழுகல் வேலையில் சண்டை வருவது பெரும்பாலும் கடைசித் தவணையின்போதுதான். ஓடு பதித்து இடுக்கு பூசியதும் வேலை முடிந்தது என்பார் மேஸ்திரி. மழையில் படுக்கையறை ஒழுகாமல் இருந்தால்தான் முடிந்தது என்பார் வீட்டுக்காரர். இருவரிடமும் பொய் இல்லை. அட்வான்ஸ் கைமாறும் முன்பே, எதைப் பார்த்து முடிந்ததாக ஒப்புக்கொள்வது என்று பேசியிருக்க வேண்டும்.

600 சதுர அடி மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் புகாமலிருக்க அடிக்கும் பூச்சு காய்ந்த பிறகு, ஓடு பதிப்பதற்கு முன், வடிகுழாய் வாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட வேண்டும். சராசரி ஓர் அங்குல உயரத்துக்கே ஏறக்குறைய 1,400 லிட்டர் ஆகும். மாடியில் வாட்டம் இருப்பதால் குழாய்ப் பக்கம் ஆழமாகவும் மேட்டுப் பக்கம் குறைவாகவும் நிற்கும். மேடும் நனைய வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீருக்குச் செலவு யாருடையது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதற்காகவே பலர் சோதனையைத் தட்டிக்கழிக்கிறார்கள்.

கீழே எதைப் பார்ப்பது? ‘ஓதம் போக வேண்டும்’ என்று எழுதினால் அது மேஸ்திரிக்கு அநியாயம். கூரைக்குள் ஊறிய ஈரம் காய வாரக்கணக்கில் ஆகும், கறை அதற்குப் பிறகும் நிற்கும். தண்ணீர் கட்டும் முன் கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, தேதியோடு படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்தில் கறை கோட்டைத் தாண்டக் கூடாது, புதிய ஈரம் எங்கும் தெரியக் கூடாது. தாண்டினால் மேஸ்திரி தன் செலவில் சரிசெய்து மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். ஓடு பதித்த பின் வாட்டத்துக்குத் தனிச் சோதனை: மேட்டில் நாலு வாளி ஊற்றினால் தண்ணீர் தானாகக் குழாய்க்கு ஓட வேண்டும், எங்கும் குட்டையாக நிற்கக் கூடாது.

இந்தச் சோதனை எதைக் காட்டாது என்பதையும் எழுதுவதுதான் நேர்மை. கைப்பிடிச் சுவர் விரிசலில் சாரல் புகுந்தால், தேங்கிய தண்ணீர் அதைக் காட்டிக்கொடுக்காது. சுவரும் இந்தக் கூலியில் சேர்த்தியா இல்லையா என்று ஒரு வரி போதும். கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும் பழைய கூரையில் தண்ணீர் கட்டவே கூடாது. ஓர் அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம். முதலில் பொறியாளர் பார்க்கட்டும்.

இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். அதில் இருவரும் கையெழுத்திட்டு, ஒரு தவணையைத் தண்ணீர்ச் சோதனைக்கும் கடைசித் தவணையை வாளிச் சோதனைக்கும் ஒதுக்குங்கள். முதல் சோதனையை விட்டுவிட்டு ஓடு பதித்துவிட்டால், பிறகு ஒழுகும் இடத்தைத் தேட அந்த ஓட்டையே உடைக்க வேண்டிவரும்.