கோடு அழுத்தமாக விழுந்தால் கருமுட்டை வந்துவிட்டதா?

கருத்தரிக்க முயலும் பெண்கள் மருந்துக்கடையில் வாங்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்புக்குக் கருமுட்டையைப் பற்றி எதுவும் தெரியாது. முட்டையை வெளியேற்றச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோன் சிறுநீரில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே அது பார்க்கிறது.

ஸ்ட்ரிப்பின் நுனியை நனைத்ததும் சிறுநீர் மேலேறுகிறது. வழியில் இருக்கும், தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருள்கள் எல்.எச். மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. சோதனைக் கோட்டில் பதித்திருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே சேரும் தங்கத் துகள்களே சிவப்புக் கோடாகத் தெரிகின்றன. பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுக் கோடு, ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடும் கணக்கில் வரும். இங்கே அப்படியில்லை. எல்.எச். எப்போதும் கொஞ்சம் சுரப்பதால் மங்கல் கோடு இயல்பானது. சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு இணையாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். பல ஸ்ட்ரிப்களில் இதற்கான வரம்பு, ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவில் இருக்கும். 28 நாள் சுழற்சியுள்ள ஒருவருக்கு 11, 12-ஆம் நாட்களில் மங்கலாக இருக்கும் கோடு 13-ஆம் நாள் சட்டென்று அழுத்தமாகி, ஓரிரு நாளில் மறுபடி வெளிறும். பொதுவாக, பாசிட்டிவ் வந்து ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிப்படும்.

பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு இந்தக் கணக்கு தப்புகிறது. மூளையிலிருந்து வரும் தூண்டுதல் வேகமாகத் துடிப்பதால் எல்.எச். எப்போதுமே உயர்ந்திருக்கும், முட்டைப் பைகளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். அந்த அளவுக்கு உயராது. எனவே பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன.

45 நாள் சுழற்சியுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 12, 13, 14-ஆம் நாட்களில் கோடு அழுத்தமாக விழுகிறது, 15-இல் வெளிறுகிறது, 22-இல் மறுபடி அழுத்தம். எல்.எச். ஏற்கெனவே வரம்பை ஒட்டியிருப்பதால், தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீர் அடர்ந்தாலே பாசிட்டிவ் வந்துவிடும். சில சமயம் எல்.எச். உண்மையிலேயே ஏறினாலும், பை முதிராததால் முட்டை வெளிவராது. கடைசியில் 31-ஆம் நாள் வாக்கில் முட்டை வெளிப்படும்போது, வாங்கிய ஸ்ட்ரிப்கள் தீர்ந்திருக்கும்.

தினமும் ஒரே நேரத்தில், இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமலிருந்து சோதித்து, கோட்டைப் படமெடுத்து ஒப்பிட்டால் வழக்கமான அழுத்தம் எது, திடீர் ஏற்றம் எது என்பது ஓரளவு பிடிபடும். ஆனாலும் முட்டை வெளிப்பட்டதை ஸ்ட்ரிப் உறுதிப்படுத்தாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். அல்லது ஒரு வாரம் கழித்து இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் பார்க்க வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேலிருந்தால் முட்டை வெளிப்பட்டதாகக் கொள்வார்கள். வழக்கமாக 21-ஆம் நாள் எடுக்கும் இந்தப் பரிசோதனை, இந்தப் பெண்ணுக்கு 38-ஆம் நாள் வாக்கில் எடுத்தால்தான் சரியான விடை தரும்.